பஃபர் pH கணக்கு: ஃபார்முலாவுக்கு முன்னாடி மோல் டேபிள் போடுங்க

பிளஸ் டூ கெமிஸ்ட்ரில அயனிச் சமநிலை பாடம் வந்தாலே நிறைய பேரு தாங்கல் கரைசலை ஒரே வரில முடிச்சுடறாங்க. pH = pKa + log உப்பு பை அமிலம், அவ்வளவுதான், அடுத்த பாடம். நேரடியா ரெண்டு செறிவையும் கொடுத்து pH கேட்டா அந்த ஒரு வரி போதும்தான். ஆனா கேள்வில "இதோட 40 மில்லி NaOH சேர்க்கப்படுகிறது"னு ஒரு வரி சேர்ந்துச்சுன்னா, எதை மேல போடறது எதைக் கீழ போடறது, வால்யூம் மாறுதே அதை என்ன பண்றதுன்னு அங்கேயே பேனா நின்னுடும். இந்தக் கணக்கோட நானும் நல்லா மல்லுக்கட்டியிருக்கேன், இப்போ சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பசங்களுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது பார்த்தா எல்லாரும் அதே ரெண்டு மூணு இடத்துலதான் மாட்டறாங்க. அதான் ரிவிஷனுக்கு உக்கார்றவங்களுக்கு நேரா படி படியா எழுதிடலாம்னு.

உதாரணம் எல்லாத்துக்கும் அசிட்டிக் அமிலத்தையே எடுத்துக்கறேன். ஒரே அமிலத்தை ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் கூட்டிட்டுப் போனாதான் எந்த இடத்துல எந்தச் சூத்திரம் மாறுதுன்னு தெரியும்.

1. கையில என்ன இருக்கணும்

Ka, Kb மதிப்பு பெரும்பாலும் கேள்விலயே இருக்கும், இருந்தாலும் ரெண்டு மனசுல நிக்கட்டும். 25°C-ல அசிட்டிக் அமிலத்தோட Ka = 1.8 × 10⁻⁵, pKa = 4.74. அம்மோனியாவோட Kb-யும் அதே 1.8 × 10⁻⁵, pKb = 4.74. ரெண்டும் ஒரே எண்ணா இருக்கறது யாரோ வேணும்னே வச்ச பொறி மாதிரி இருக்கும், இயற்கையே அப்படி, அதைப் பத்தி கீழ ஏழாவது படில வருது.

அடுத்தது லாக். பிளஸ் டூ பரீட்சைல லாக் டேபிள் பார்த்துக்கலாம், நீட்ல டேபிளும் கிடையாது கால்குலேட்டரும் கிடையாது. அதனால நாலே நாலு எண் மனப்பாடம்: log 2 = 0.30, log 3 = 0.48, log 5 = 0.70, log 7 = 0.85. மத்ததெல்லாம் இதுல இருந்தே கட்டிக்கலாம். 18-க்கு வேணும்னா 2 × 3 × 3, ஆக 0.30 + 0.48 + 0.48 = 1.26. அதை வச்சு 1.8 × 10⁻⁵-ஐ 18 × 10⁻⁶னு மாத்தி எழுதினா pKa = 6 − 1.26 = 4.74. அவ்ளோதான், டேபிளே வேண்டாம்.

நேரம்: நீட்ல 180 நிமிஷத்துக்கு 180 கேள்வி, சரியா இருந்தா நாலு மார்க், தப்பா இருந்தா ஒண்ணு போகும். பஃபர் கணக்கை ஒரு நிமிஷத்துல முடிக்கணும்னா மோல் டேபிள் போடறது கைப்பழக்கமா இருக்கணும், அங்க உக்காந்து யோசிக்க நேரம் இருக்காது.

2. Ka-வை எழுதுங்க, சமன்பாடு அதுலயே இருக்கு

ஹென்டர்சன் சமன்பாடுன்னு தனியா ஒண்ணு வானத்துல இருந்து வரலை. அமிலம் பிரிகையடையற சமநிலையை எழுதி, அதுல H₃O⁺-ஐ மட்டும் ஒரு பக்கம் கொண்டு வந்தா அதுதான்.

```
CH₃COOH + H₂O ⇌ H₃O⁺ + CH₃COO⁻

Ka = [H₃O⁺][CH₃COO⁻] / [CH₃COOH]

[H₃O⁺] = Ka × [CH₃COOH] / [CH₃COO⁻]

pH = pKa + log ( [CH₃COO⁻] / [CH₃COOH] )
```

மூணாவது வரில அமிலம் மேல இருக்கு, நாலாவது வரில உப்பு மேல இருக்கு. −log எடுக்கும்போது பின்னம் தலைகீழா ஆகுது, அதனாலதான். நிறைய பேரு இந்த இடத்துலதான் குழப்பிப்பாங்க. எது மேலன்னு மறந்து போச்சுன்னா உப்பு, அதாவது இணை காரம், அதிகமானா pH ஏறணும், அதை மட்டும் யோசிச்சா போதும், தானா சரியா வந்துடும்.

இதுல இன்னொரு விஷயம் ஒளிஞ்சிருக்கு. Ka-ல இருக்கற செறிவெல்லாம் சமநிலைல இருக்கற செறிவு, ஆனா நாம போடறது பாட்டில்ல ஊத்தின செறிவு. ரெண்டும் ஒண்ணுன்னு நாம தைரியமா எடுத்துக்கறோம். ஏன் எடுத்துக்கலாம்? 0.05 M அசிட்டிக் அமிலம் தனியா தண்ணில இருந்தா [H₃O⁺] = √(1.8 × 10⁻⁵ × 0.05), சுமாரா 9.5 × 10⁻⁴, அதாவது கிட்டத்தட்ட 1.9% பிரியுது. அதே கரைசல்ல 0.05 M சோடியம் அசிட்டேட்டும் இருந்தா [H₃O⁺] = 1.8 × 10⁻⁵, அதாவது வெறும் 0.036% தான் பிரியுது. ஏற்கனவே கரைசல் முழுக்க அசிட்டேட் இருக்கறதால சமநிலை இடது பக்கம் தள்ளப்படுது, பாடத்துல பொது அயனி விளைவுன்னு படிச்சீங்களே, அதே ஆளுதான் இங்க வேலை பார்க்கறான். பத்தாயிரத்துல நாலு மூலக்கூறு கூட பிரியலை, அப்போ 0.05-ல இருந்து அதைக் கழிச்சா என்ன கழிக்காட்டி என்ன. இந்தத் தைரியம் எங்க செல்லாதுன்னு ஒன்பதாவது படில பார்ப்போம்.

3. இது பஃபரா இல்லையான்னு முதல்ல முடிவு பண்ணுங்க

வலிமை குறைந்த அமிலமும் அதோட இணை காரமும் (இல்லன்னா வலிமை குறைந்த காரமும் அதோட இணை அமிலமும்) ரெண்டும் கணிசமான அளவுல ஒண்ணா இருக்கணும். பார்த்த உடனே தெரியற கேஸ் CH₃COOH + CH₃COONa. தெரியாத கேஸ்தான் பரீட்சைல வரும்.

0.2 M CH₃COOH-ஐயும் 0.1 M NaOH-ஐயும் சம அளவு கலந்தா? பஃபர்தான், ஏன்னா NaOH பாதி அமிலத்தை அசிட்டேட்டா மாத்திடும், மீதிப் பாதி அமிலமாவே இருக்கும். 0.1 M HCl-ஐயும் 0.2 M CH₃COONa-வையும் சம அளவு கலந்தா? இதுவும் பஃபர்தான், பாட்டில்ல அசிட்டிக் அமிலமே இல்லைன்னாலும் உள்ள அது உருவாகிடும். ரெண்டும் 0.1 M-ஆ இருந்து சம அளவு கலந்தா பஃபர் கிடையாது, முதல் கேஸ்ல வெறும் உப்புதான் மிஞ்சும், ரெண்டாவதுல வெறும் அமிலம்தான் மிஞ்சும். HCl + NaCl எப்பவுமே பஃபர் கிடையாது, Cl⁻ H⁺-ஐப் பிடிச்சு வச்சுக்காது.

பாஸ்பேட் வந்தா ஜோடியைப் பாருங்க. H₃PO₄-க்கு மூணு pKa இருக்கு, சுமாரா 2.15, 7.20, 12.35. NaH₂PO₄-உம் Na₂HPO₄-உம் கலந்திருந்தா ஜோடி H₂PO₄⁻/HPO₄²⁻, அது ரெண்டாவது பிரிகை, அதனால 7.20. ஜோடிக்கு நடுவுல ஒரே ஒரு H தான் வித்தியாசம் இருக்கணும், அந்த H எந்த வரிசைல போறதோ அந்த pKa.

4. மோல் டேபிள்

இதுதான் மொத்தக் கணக்கோட உயிர். வலிமையான அமிலமோ காரமோ சேர்த்தா ரெண்டு வேலை நடக்குது, ரெண்டையும் ஒண்ணாக் குழப்பக்கூடாது. முதல்ல வினை முடியணும், அதுக்கு மோல் கணக்கு. அப்புறம்தான் சமநிலை, அதுக்கு Ka.

முதல் வினை முழுசா முடியும்னு எப்படிச் சொல்றோம்னு ஒரு பையன் கேட்டான், நல்ல கேள்வி. CH₃COOH + OH⁻ → CH₃COO⁻ + H₂O, இதோட சமநிலை மாறிலி Ka/Kw, அதாவது 1.8 × 10⁻⁵ / 10⁻¹⁴ = 1.8 × 10⁹. அவ்வளவு பெரிய எண், அதனால ஒத்தை அம்புக்குறி போட்டுக்கலாம். HCl சேர்க்கும்போது நடக்கற CH₃COO⁻ + H₃O⁺ வினைக்கு மாறிலி 1/Ka, சுமாரா 5.6 × 10⁴, அதுவும் போதும்.

டேபிள் போடும்போது மோலாரிட்டியைப் போடாதீங்க, மில்லிமோல் போடுங்க. M × மில்லி = மில்லிமோல், பத்து ஆயிரம்னு வகுக்கற வேலையே இல்லை. 50 மில்லி 0.2 M CH₃COOH-ல 10 மில்லிமோல் இருக்கு. அதுல 40 மில்லி 0.1 M NaOH ஊத்தினா OH⁻ 4 மில்லிமோல்.

```
              CH₃COOH  +  OH⁻  →  CH₃COO⁻ + H₂O
முன்னாடி         10         4         0
மாற்றம்          −4        −4        +4
பின்னாடி          6         0         4
```

"பின்னாடி" வரியைத்தான் சமன்பாட்டுல போடணும். pH = 4.74 + log(4/6) = 4.74 + 0.60 − 0.78 = 4.56.

மொத்த வால்யூம் 90 மில்லி ஆச்சே, அதால வகுக்கலையேன்னு சந்தேகம் வரும். மேல 4/90, கீழ 6/90, தொண்ணூறு அடிபட்டுப் போயிடும். அதனால பஃபர் இருக்கற வரைக்கும் மோல் விகிதமே போதும். பஃபர் தாண்டிட்டா வால்யூம் கண்டிப்பா வேணும், இதை மறந்தா அடுத்த படில அடி வாங்குவீங்க.

பொறி ஒண்ணு இருக்கு: NaOH-க்குப் பதிலா Ba(OH)₂ அல்லது Ca(OH)₂ கொடுத்தா OH⁻ ரெண்டு மடங்கு. டேபிள்ல OH⁻-ஓட மில்லிமோலை முதல்ல அந்த ரெண்டால பெருக்கிட்டு அப்புறம் ஆரம்பிங்க.

5. அதே பீக்கர், NaOH ஏற ஏற என்ன ஆகுது

அதே 50 மில்லி 0.2 M அசிட்டிக் அமிலத்தை வச்சுக்கிட்டு ப்யூரெட்ல இருந்து 0.1 M NaOH விட்டுட்டே போறோம்னு வச்சுக்கங்க. ஒவ்வொரு இடத்துலயும் "பின்னாடி" வரில என்ன மிஞ்சுதுன்னு பார்த்தா எந்தச் சூத்திரம்னு தானா தெரியும்.

NaOH எதுவும் விடலை. அமிலம் மட்டும் 0.2 M. இங்க ஹென்டர்சன் போடக்கூடாது, உப்பு பூஜ்யம். [H₃O⁺] = √(Ka × C) = √(3.6 × 10⁻⁶) = 1.9 × 10⁻³, pH = 2.72.

50 மில்லி விட்டாச்சு. அமிலம் 5, உப்பு 5. log 1 = 0. pH = pKa = 4.74. பாதி நடுநிலையாக்கல்னு கேள்வில வந்தா கணக்கே வேண்டாம், pKa-வை அப்படியே எழுதிடுங்க. இதையே திருப்பி, "பாதி நடுநிலையாக்கும்போது pH இவ்வளவு, Ka என்ன"ன்னும் கேட்கலாம்.

99 மில்லி விட்டாச்சு. அமிலம் 0.1, உப்பு 9.9. விகிதம் கிட்டத்தட்ட 100, pH = 4.74 + 2 = 6.74. எண் சரிதான், ஆனா இது பேருக்குத்தான் பஃபர். 

100 மில்லி. அமிலம் 0, உப்பு 10. இங்கதான் log(10/0)னு எழுதிட்டு முழிக்கறது. ரெண்டுல ஒண்ணு பூஜ்யமாச்சுன்னா பஃபர் செத்துப் போச்சு, இப்போ வெறும் அசிட்டேட் கரைசல், அது நீராற்பகுப்பு அடைஞ்சு OH⁻ கொடுக்கும். இப்போ வால்யூம் வேணும்: 10 மில்லிமோல் / 150 மில்லி = 0.067 M. Kb = Kw/Ka = 5.6 × 10⁻¹⁰. [OH⁻] = √(5.6 × 10⁻¹⁰ × 0.067) = 6.1 × 10⁻⁶, pOH = 5.22, pH = 8.78. சமான புள்ளின்னா pH 7னு கண்ணை மூடிட்டு டிக் பண்றவங்களுக்கு ஆப்ஷன்ல 7 எப்பவும் காத்திட்டிருக்கும்.

110 மில்லி. OH⁻ 1 மில்லிமோல் மிச்சம், மொத்தம் 160 மில்லி. 6.25 × 10⁻³ M, pOH = 2.20, pH = 11.80. அசிட்டேட் கொடுக்கற கொஞ்சூண்டு OH⁻-ஐ இங்க கண்டுக்க வேண்டாம்.

இப்போ இந்த எண்களைப் பக்கத்து பக்கத்துல வச்சுப் பாருங்க. 40-ல இருந்து 50 மில்லி வரைக்கும் பத்து மில்லி விட்டோம், pH ஏறினது 0.18. 99-ல இருந்து 100, ஒரே ஒரு மில்லி, ஏறினது 2.04. தாங்கல் திறன் பத்தி ரெண்டு மார்க் கேள்விக்கு டெஃபனிஷன் எழுதும்போது இந்த ரெண்டு எண்ணை மனசுல வச்சுக்கிட்டா, விகிதம் 1-க்குப் பக்கத்துல இருக்கும்போது ஏன் நல்லாத் தாங்குது, pKa ± 1-ஐ தாண்டினா ஏன் தாங்கலைன்னு யாரும் சொல்லித் தர வேண்டாம்.

6. பஃபர்ல HCl விட்டா

மேல 50 மில்லி NaOH விட்ட நிலைல நிறுத்திட்டோம்னு வச்சுக்கங்க, மொத்தம் 100 மில்லி, அமிலம் 5, உப்பு 5. அதுல 10 மில்லி 0.1 M HCl, அதாவது 1 மில்லிமோல். இப்போ HCl சண்டை போடறது உப்போட. உப்பு 4 ஆகும், அமிலம் 6 ஆகும். pH = 4.74 − 0.18 = 4.56.

அதே 10 மில்லி HCl-ஐ 100 மில்லி சுத்தமான தண்ணில விட்டிருந்தா 1/110 = 9.1 × 10⁻³ M, pH 7-ல இருந்து 2.04-க்கு விழுந்திருக்கும்.

இதுல அடிக்கடி நடக்கற தப்பு, HCl-ஓட H⁺-ஐ அமிலத்தோட மட்டும் கூட்டிட்டு உப்புல கழிக்காம விடறது. கூட்டினது எவ்வளவோ அதே அளவு இன்னொரு பக்கம் குறையணும், அமிலமும் உப்பும் சேர்ந்த மொத்தம் முன்னாடி 10-னா பின்னாடியும் 10 தான். இந்த ஒரு செக் பத்து செகண்ட் கூட ஆகாது, டேபிள் முடிச்சதும் கூட்டிப் பார்த்துடுங்க.

7. அம்மோனியா பக்கம் போனா

புத்தகத்துல pOH = pKb + log உப்பு பை காரம்னு இன்னொரு சமன்பாடு இருக்கும். என்னைக் கேட்டா அதை மனப்பாடம் பண்ணவே வேண்டாம். அம்மோனியாவையும் அமிலம் மாதிரியே பாருங்க, இங்க அமிலம் NH₄⁺, அதோட இணை காரம் NH₃. pKa = 14 − 4.74 = 9.26. அதே பழைய சமன்பாடு, இணை காரம் மேல, அமிலம் கீழ.

0.1 மோல் NH₃-உம் 0.2 மோல் NH₄Cl-உம் இருந்தா pH = 9.26 + log(0.1/0.2) = 9.26 − 0.30 = 8.96.

pKb 4.74-ஐயே போட்டு 4.44னு விடை எழுதினா அந்த எண் ஆப்ஷன்ல இருக்கும், நிச்சயமா இருக்கும். அம்மோனியா பஃபர் அமிலத் தன்மைல வந்தா உடனே சந்தேகப்படுங்க. இன்னொண்ணு, "உப்பு மேல"ன்னு மட்டும் மனப்பாடம் பண்ணினவங்க இங்க pKa போட்டாலும் NH₄Cl-ஐ மேல வச்சுடுவாங்க, ஏன்னா அது உப்பு ஆச்சே. அதனாலதான் முதல்ல இருந்தே உப்புன்னு சொல்லாம இணை காரம்னு சொல்லிப் பழகறது நல்லது.

8. கிராம் கேட்டா

"500 மில்லி 0.1 M அசிட்டிக் அமிலத்தை pH 5.04 உள்ள பஃபரா மாத்த எத்தனை கிராம் சோடியம் அசிட்டேட் சேர்க்கணும்?" இதுல சமன்பாட்டைப் பின்னாடி இருந்து ஓட்டணும். 5.04 − 4.74 = 0.30, அப்போ விகிதம் 2. அமிலம் 0.05 மோல், அப்போ அசிட்டேட் 0.1 மோல். நீரற்ற CH₃COONa-வோட மோலார் நிறை 82, விடை 8.2 கிராம்.

லேப்ல இருக்கற பாட்டில் பெரும்பாலும் CH₃COONa·3H₂O, அதோட மோலார் நிறை 136, அப்போ 13.6 கிராம் எடுக்கணும். கேள்வில ·3H₂O இருக்கான்னு கண்ணை நல்லாத் திறந்து பாருங்க, பிராக்டிகல்ல பாட்டில் லேபிளையும் அப்படியே. வேதியியல் எல்லாம் சரியாப் பண்ணிட்டு படிக நீர்ல மார்க்கை விடறது ரொம்ப வயித்தெரிச்சல்.

9. சமன்பாடு எங்க பொய் சொல்லும்

சமன்பாட்டைப் பார்த்தா நீர்த்தாலும் pH மாறாது, விகிதம் அதேதானே. கேள்வில "பத்து மடங்கு நீர்க்கப்பட்டால்"னு வந்தா விடை "மாறாது"தான், அதுல சந்தேகம் வேண்டாம். ஆனா எவ்வளவு வேணாலும் நீர்க்கலாமா? அமிலமும் உப்பும் ரெண்டுமே 10⁻⁴ M-க்கு வந்துடுச்சுன்னு வைங்க. சமன்பாடு இன்னும் 4.74 தான்னு சொல்லும், [H₃O⁺] = 1.8 × 10⁻⁵. ஆனா இப்போ அமிலமே 10 × 10⁻⁵ தான் இருக்கு, அதுல 1.8 போச்சுன்னா கண்டுக்காம விட முடியுமா? முழு Ka-வை எழுதணும்:

```
1.8 × 10⁻⁵ = x (10⁻⁴ + x) / (10⁻⁴ − x)

x² + (1.18 × 10⁻⁴) x − 1.8 × 10⁻⁹ = 0

x = 1.37 × 10⁻⁵,  pH = 4.86
```

4.74-க்கும் 4.86-க்கும் உள்ள வித்தியாசம்தான் இரண்டாவது படில நாம எடுத்த தைரியத்தோட விலை. போர்டு எக்ஸாம்ல இது வர வாய்ப்பு குறைவு, ஜேஇஇ படிக்கறவங்க மட்டும் தெரிஞ்சு வச்சுக்கங்க. எளிய சோதனை இது: வந்த [H₃O⁺]-ஐ, அமிலம் உப்பு ரெண்டுல எது கம்மியோ அதோட ஒப்பிடுங்க. நூறு மடங்குக்கு மேல கம்மியா இருந்தா விடை நிக்கும், பத்து மடங்குக்குள்ள வந்துட்டா இருபடிச் சமன்பாடு போட்டே ஆகணும். Ka 10⁻³-க்குப் பக்கத்துல இருக்கற கொஞ்சம் வலுவான அமிலங்கள்லயும், உதாரணத்துக்கு குளோரோ அசிட்டிக் அமிலம், இதே பிரச்சனை சீக்கிரமே வந்துடும்.

10. விடைத்தாள்ல எழுதும்போது

பிளஸ் டூ-ல படிக்குப் படி மார்க் உண்டு, அதனால நேரா விடைக்குத் தாவாதீங்க. பிரிகைச் சமநிலை ஒரு வரி, Ka ஒரு வரி, மோல் டேபிள், சமன்பாடு, எண்களைப் போட்டது, விடை. லாக்ல தப்பு விட்டாலும் மேல இருக்கற வரிகளுக்கு மார்க் கிடைக்கும். மதிப்பு கேள்வில கொடுத்திருந்தா அதையே போடுங்க, pKa 4.74-க்கும் 4.75-க்கும் சண்டை வேண்டாம், Ka மட்டும் கொடுத்திருந்தா நீங்களே கண்டுபிடிச்ச மதிப்பை ஒரு வரில காட்டிடுங்க.

நீட்ல லாக்கைக் கடைசி வரைக்கும் தள்ளிப் போடுங்க, வேகமா இருக்கும். நாலாவது படி கணக்கையே [H₃O⁺] = 1.8 × 10⁻⁵ × 6/4 = 2.7 × 10⁻⁵னு எழுதினா, 2.7-ன்னா 27/10, log 27 = 3 × 0.48 = 1.44, pH = 5 − 0.44 = 4.56. பல கேள்வில லாக்கே எடுக்க வேண்டி வராது: அமிலம் அதிகமா உப்பு அதிகமான்னு பார்த்தாலே விடை 4.74-க்கு மேலயா கீழயான்னு தெரியும், அதுலயே ரெண்டு ஆப்ஷன் அடிபட்டுப் போகும், மிச்சம் ரெண்டுல ஒண்ணு பெரும்பாலும் பின்னத்தைத் தலைகீழாப் போட்டவங்களுக்கோ, டேபிள் போடாம பாட்டில் எண்ணை அப்படியே போட்டவங்களுக்கோ வர்ற விடையா இருக்கும்.